நாச்சிமுத்து சாரின் அறிமுகம்

ஜூன் 7, வெள்ளி

பள்ளி முதல்வர் எஸ்தர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு ஒரே பிரிவுதானாம். போன ஆண்டு இரண்டு இருந்தது. கணக்கு எடுக்க ஒருவர் போதும், அந்த ஒருவர் என்னைவிட இருபது வயது இளையவர். இதை மேடம் நேராகச் சொல்லவில்லை. மேஜையில் இருந்த ஒரு பழைய காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்த சான்றிதழ். அதற்குப் பிறகு பி.எஸ்ஸி., பி.எட். எல்லாம் அஞ்சல் வழியில் படித்ததில் அப்படி ஒன்று வாங்கியதையே மறந்துவிட்டேன்.

"சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் உங்களுக்குத் தகுதி இருக்குது சார். ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கலை. திங்கட்கிழமை பள்ளி திறக்குது" என்றார்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுத்தவன் நான். தாராபுரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவி கோகிலாவிடம் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். மறுபடியும் சிரித்தாள்.

எப்படியும் ஒரு மாதத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

ஜூன் 10, திங்கள்

இருபத்தெட்டுக் குழந்தைகள். பதினொரு பேர் அழுதார்கள். ஒருவன் அழுகையை நிறுத்தி, "உங்க மீசை நெசமானதா?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவன் பெயர் ரித்விக். மதியம் பக்கத்துப் பையனின் தோளைக் கடித்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நான் உள்ளே நுழைந்தாலே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இங்கே நான் நுழைந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

பென்சில் சீவினேன். நாற்பத்தொரு பென்சில்.

ஜூன் 13, வியாழன்

முதல்வர் மறுபடியும் கூப்பிட்டார். ஆறு பெற்றோர் தொலைபேசியில் பேசியிருக்கிறார்களாம். இரண்டு பேர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதியே கொடுத்துவிட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, ஒன்றாம் வகுப்புக்கு ஆண் வகுப்பாசிரியர் என்பது. இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது மேடம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெற்றோர்ல நாலஞ்சு பேர் இதே பள்ளியில உங்ககிட்டப் படிச்சவங்க சார்."

"நல்லதுதானுங்களே மேடம்."

"அவங்க அப்படி நினைக்கலை. உங்க பிரம்பை அவங்களுக்கு ஞாபகம் இருக்குது."

அந்தக் காலத்தில் எல்லா ஆசிரியர்களும் பிரம்பு வைத்திருந்தார்கள். நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்? என் மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு நான் பிரம்பைத் தொடவே இல்லை. ஓரிரு வருடம் தாமதமாகியிருக்கலாம்.

22ஆம் தேதி சனிக்கிழமை முதல் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். பத்து மணிக்கு வகுப்பாசிரியர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு கேள்விகள். அதன்பின் ஒவ்வொரு பெற்றோருடனும் தனியாக ஐந்து நிமிடம். "அன்னைக்குள்ள அவங்க மனசு மாறலைன்னா, இருபது பிள்ளைங்களோட ஒரு வகுப்பு நடத்த நிர்வாகம் ஒத்துக்காது" என்றார் மேடம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எந்த வகுப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

அறிமுக உரை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். யு.கே.ஜி. எடுக்கும் ஷகிலா பானு டீச்சரிடம் எழுத்துப் பிழை பார்க்கக் கொடுத்தேன். பதினாறு ஆண்டுகளாகக் குட்டிப் பிள்ளைகளோடு இருப்பவர். இடைவேளையில் டீயை வைத்துக்கொண்டு படித்தார். டீ ஆறிப்போனது.

"சார், பதினொரு வருசம் நூறு சதவீதத் தேர்ச்சின்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்க."

"உண்மைதானுங்க டீச்சர்."

"உண்மைதான். ஆனா அஞ்சரை வயசுப் பிள்ளையோட அம்மாவுக்கு அது எதுக்கு? அவங்க உக்காந்து யோசிக்கிறது மூணே விசயம். என் பிள்ளை யாருன்னு இந்த ஆளுக்குத் தெரியுமா? என் பிள்ளை இங்கே பத்திரமா இருக்குமா? ஏதாவது ஆச்சுன்னா ஊர்ல யாரோ சொல்லி எனக்குத் தெரியுமா, இல்லை இவரே முதல்ல சொல்லுவாரா? இந்த மூணுக்கும் பதில் இல்லாத அறிமுகம் அறிமுகமே இல்லை சார்."

சிவப்புப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தார். நான்கு பக்கத்தில் மிஞ்சியது: "வணக்கம். என் பெயர் நாச்சிமுத்து." மற்றவர் கையில் சிவப்புப் பேனா இருக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 15, சனி

பானு டீச்சர் சொன்னபடி ஒரு நோட்டு போட்டேன். பக்கத்துக்கு ஒரு குழந்தை. ஒவ்வொருவரைப் பற்றியும் நானே கண்ணால் பார்த்த ஒரு விஷயம் எழுத வேண்டும். "நல்ல பையன்", "சுட்டிப் பெண்" என்று எழுதினால் செல்லாதாம். "அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் சார். எழுதினதைப் படிச்சா அம்மா அப்பா 'ஆமா, இது எங்க பிள்ளைதான்'னு சொல்லணும்."

எழுதிப் பார்த்ததில் ஒன்பது பேருக்குத்தான் எழுத வந்தது. மற்ற பத்தொன்பது பேரை ஒரு வாரமாக நான் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

ஜூன் 16, ஞாயிறு

கோகிலா கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டே கேட்டாள். நான் புதிய உரையைப் பேசிக் காட்டினேன். கடிகாரம் பார்த்து ஏழு நிமிடம்.

"எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா என்னையப் பார்த்து, 'உக்காரு, பேசாதே'ன்னு சொல்ற மாதிரியே இருக்குதுங்க."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றேன்.

"வாயால சொல்லலை. புருவத்தால சொன்னீங்க."

கண்ணாடி முன் நின்று புருவத்தைப் பழக்கினேன். மாலையில் தலைவலி.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் மிருதுளா வந்த நாள் முதல் பேசவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது கை மட்டும் தூக்குவாள். இன்று கரும்பலகையில் உயரத்தில் எழுதியதைக் காட்ட மர ஸ்கேலை எடுத்தேன். அவள் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்தார்கள். அவள் ஸ்கேலைப் பார்த்தாள்.

ஆயா ராக்காயியிடம் கேட்டேன். "பத்திர ஆபீசுக்கு எதுக்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்குதுங்களே செல்வநாயகி, அதோட புள்ளைதானுங்க இது. அது உங்ககிட்டப் படிச்சதுதானுங்களே?" என்றாள்.

எத்தனையோ பேர் படித்தார்கள். அந்தப் பெயர் அவ்வளவாக நினைவில் இல்லை.

ஸ்கேலை அலுவலக அறையில் கொடுத்துவிட்டேன். கையாலேயே காட்டலாம்.

ஜூன் 19, புதன்

நோட்டில் இருபத்து மூன்று பக்கம் ஆயிற்று. ரித்விக் கடிப்பது கோபத்தால் இல்லை. இரைச்சல் அதிகமானால்தான் கடிக்கிறான். சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கத்தும்போது. இன்று மணிக்கு இரண்டு நிமிடம் முன்பே அவனைத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கச் சொன்னேன். யாருக்கும் காயம் இல்லை. பானு டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடவில்லை, கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

மிருதுளாவின் பக்கம் காலி.

ஜூன் 20, வியாழன்

மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வாசலில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். மிருதுளா தனியாக உட்கார்ந்து வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுடையது மட்டும் ஐம்பத்தாறு செருப்புகள். ஜோடி சேர்த்தது மட்டும் இல்லை, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாகவும் அடுக்கியிருந்தாள். கடைசியில் என் செருப்பு. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் உள்ளே வந்து எழுதிக்கொண்டேன்.

எழுத்து கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. பேனா சரியில்லை.

ஜூன் 21, வெள்ளி

நாளை கூட்டம். பானு டீச்சரும் ஆயாவும் நானும் வகுப்பைத் தயார் செய்தோம். குழந்தைகளின் குட்டி பெஞ்சில் பெற்றோரை உட்கார வைத்தால் முழங்கால் முகத்தில் இடிக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்தோம். வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடச் சொன்னார் டீச்சர். எனக்கு மேடையோ மேஜையோ கிடையாது, அதே நாற்காலி. "நின்னுக்கிட்டுப் பேசினா நீங்க வாத்தியார், அவங்க மாணவங்க. அதுவும் அதுல நாலு பேர் நெசமாவே உங்க மாணவங்க."

வாசலில் கையெழுத்து நோட்டு. அதோடு ஒரு படிவம்: ஒவ்வாமை இருக்கிறதா, மருந்து ஏதும் உண்டா, யார் அழைத்துப்போக வருவார்கள், அவசரத்துக்கு இரண்டாவது எண், குழந்தைக்கு எதைக் கண்டால் பயம். கடைசிக் கேள்வி நான் சேர்த்தது. தனியாகப் பேச நேரம் குறித்த சீட்டு. கூட்டத்தில் எந்தக் குழந்தையின் குறையையும் பெயர் சொல்லிப் பேசக்கூடாது. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடக்கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நிறைவேற்ற முடியாத எதையும் சொல்லிவிடக் கூடாது.

எல்லாம் மனப்பாடம். கோகிலா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளைச் சட்டையில் நான் தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி இருக்கிறேனாம்.

ஜூன் 22, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பின்னால் முதல்வரும் பானு டீச்சரும். என் பழைய மாணவர்கள் நான்கு பேரையும் பார்த்தவுடனே தெரிந்தது, அவர்கள் நால்வரும் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நான் உள்ளே வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். இப்போது டயர் கடை வைத்திருக்கிறார், தொப்பை, தலையில் பாதி முடி இல்லை. "உக்காருங்க" என்றதும் பொத்தென்று உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். செல்வநாயகி சிரிக்கவில்லை. கடைசியில், கதவுக்கு அருகில் இருந்தாள்.

ஆரம்பித்தேன்.

"வணக்கம்ங்க. என் பேரு நாச்சிமுத்து. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடிச்சிருக்கேன், கணக்குல பட்டம் வாங்கியிருக்கேன். ஆனா ஒண்ணாம் வகுப்புக்கு நான் புதுசு. இங்கே வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகுது. தெரியாதது நிறைய இருக்குதுங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

அடுத்து ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னேன். காலையில் அழுகிற பிள்ளையை வாசலிலேயே நானோ ஆயாவோ வாங்கிக்கொள்வோம். பெற்றோர் டாட்டா சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொல்லாமல் நழுவினால் மறுநாள் அழுகை இரண்டு மடங்காகும். சட்டையை நனைத்துக்கொண்டால் ஆயா மாற்றிவிடுவார், வகுப்பில் யாரும் சிரிக்க விடமாட்டேன். ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு பையில் வேண்டும். விழுந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, யாராவது கடித்தாலோ, பள்ளி விடுவதற்கு முன் நானே அழைத்துச் சொல்வேன். மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை யாரும் என்னை அழைக்கலாம். வீட்டுப்பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு "நேரம் ஆகிவிட்டது" என்று நோட்டில் எழுதி அனுப்பலாம், அது என் தப்பு, பிள்ளையின் தப்பு இல்லை.

கதிரேசன் என்பவர் கை தூக்கினார். வங்கியில் வேலை, இவ்வாண்டுதான் ஊருக்கு வந்திருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் கேட்டவர்களில் ஒருவர்.

"தப்பா நினைக்காதீங்க சார். எனக்குப் பொம்பளப் பிள்ளை. ஆம்பள டீச்சர்ங்கறது..."

"நீங்க கேக்கறதுதான் சரிங்க. கேக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன்" என்றேன். பாத்ரூமுக்கு ஆயாதான் அழைத்துப்போவார், நான் போக மாட்டேன். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும், ஜன்னலில் எதையும் ஒட்டியிருக்க மாட்டேன். எந்தக் குழந்தையும் என்னோடு தனியாக அறையில் இருக்காது. ஆயா வரத் தாமதமானால் பக்கத்து வகுப்பில் பானு டீச்சரோடு உட்காரும். "இதெல்லாம் என்மேல நம்பிக்கை வச்சு விட்டுறக்கூடாத விசயம்ங்க. நம்பிக்கை இருந்தாலும் இல்லைன்னாலும் இப்படித்தான் நடக்கணும்."

அவர் தலையசைத்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அதையெல்லாம் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

ஒரு அம்மா, ஐ.ஐ.டி.க்கு அடித்தளம் எந்த மாதத்தில் தொடங்குவீர்கள் என்று கேட்டார். இப்போதைக்கு ஷூ லேஸ் கட்டுவதில் இருக்கிறோம் என்றேன். சிரிப்பு. கேட்டவரும் சிரித்தார். புருவம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு முடித்திருக்கலாம். காகிதத்தில் அடுத்து இருந்தது "நன்றி" மட்டும்தான். ஆனால் டயர் கடைக்காரர் இன்னும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொண்ணு சொல்லணும்ங்க. உங்கள்ல நாலு பேருக்கு நான் அறிமுகம் தேவையில்லாத ஆளு. அவங்க என்கிட்ட அடி வாங்கியிருக்காங்க. மத்தவங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது நெசம்தானுங்க. நல்லதுக்குத்தான் அடிச்சேன்னு இத்தனை வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தேன். அது தப்பு. சட்டம் சொல்றதால மட்டும் இல்லை, அன்னைக்கே தப்பு."

மின்விசிறிச் சத்தம் கேட்டது. செல்வநாயகி எழுந்தாள்.

"சார். என்னைய எதுக்கு அடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

இந்த நாட்குறிப்பில் நான்கு நாளுக்கு முன், அவள் பெயர் நினைவில் இல்லை என்று பொய் எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தப்போவதில்லை, இருக்கட்டும்.

"இருக்குதுங்க" என்றேன். "ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. ரெண்டாவது பெஞ்சு. ஏயையும் பியையும் கூட்டி வர்க்கம் போடச் சொன்னேன். நீங்க ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்னு எழுதினீங்க. நடுவுல டூ ஏபி இல்லை. கையை நீட்டச் சொல்லி மர ஸ்கேலோட விளிம்புல விரல் முட்டியில அடிச்சேன். மூணு அடி. அப்புறம் ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஆடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னேன்."

"அரையாண்டுக்கு அப்புறம் நான் வரலைங்க சார்."

"தெரியும்ங்க. அந்தத் தப்பை எல்லா வருசமும் பாதி வகுப்பு போடும். அவ்வளவு பேர் ஒரே தப்பைப் போட்டா தப்பு நான் சொல்லித் தந்த விதத்துல இருக்குது. ஒரு கட்டம் வரைஞ்சு நாலாப் பிரிச்சுக் காட்டியிருந்தா உங்களுக்கு ரெண்டு நிமிசத்துல புரிஞ்சிருக்கும். நான் அதைச் செய்யலை. என்னை மன்னிச்சிருங்க, செல்வநாயகி."

அவள் மன்னிப்பதாகச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மன்னிக்கறது வேற சார். என்ற புள்ளைய விடறது வேற. நீங்க மாறிட்டீங்கன்னு நீங்க சொல்றீங்க. நான் பார்க்கலைங்களே?"

"வந்து பாருங்க. சொல்லாம வாங்க, எந்த நேரமும்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, வகுப்பு நேரத்தில் பெற்றோரை உள்ளே விடுவது பள்ளி விதியில் இல்லை. நிறைவேற்ற முடியாததைச் சொல்லக்கூடாது என்ற பாடத்தை அந்த இடத்தில் கோட்டை விட்டேன். பின்னால் இருந்து முதல்வர் எழுந்தார். கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம், வராந்தா ஜன்னலில் நின்று பார்க்கலாம் என்றார். எந்தப் பெற்றோரும் வரலாம். புகார் இருந்தால் என்னிடம் இல்லை, நேராகத் தன்னிடம். தன் எண்ணைக் கரும்பலகையில் எழுதினார்.

தனிப் பேச்சு ஒரு மணி வரை போனது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். ரித்விக்கின் அம்மா, கடிப்பதைப் பற்றித் திட்டு வாங்கத் தயாராக வந்து உட்கார்ந்தார். இரைச்சல்தான் காரணம் என்றும் பாட்டில் அடுக்கும் வழியையும் சொன்னேன். "வீட்லயும் குக்கர் விசில் அடிச்சா என் மடியில வந்து கடிப்பானுங்க சார். யாருகிட்டச் சொன்னாலும் வளர்ப்பு சரியில்லைங்கறாங்க" என்று கண்ணைத் துடைத்தார். காது மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடலாம், காரணம் எனக்குத் தெரியாது என்றேன்.

கடைசியாகச் செல்வநாயகி. மிருதுளாவின் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினேன், அவளே படித்தாள்.

"ஐம்பத்தாறு செருப்பா?"

"ஆமாங்க. ஜோடி சேர்க்கறது, சின்னது பெருசுன்னு வரிசை போடறது, இதெல்லாம் கணக்குதானுங்க. யாரும் சொல்லித் தரலை."

அவள் விரலால் அந்த வரியை இன்னொரு முறை தொட்டுப் படித்தாள். "வீட்லயும் இப்படித்தான். ஸ்பூனை எல்லாம் அடுக்குவா" என்றாள். பிறகு படிவத்தை நீட்டினாள். எதைக் கண்டால் பயம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: "நான் சொன்ன கதையால், உங்களை."

ஜூன் 24, திங்கள்

கதிரேசன் தான் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னொரு குடும்பம் வாங்கவில்லை. அவர்களுடைய பெண் அனன்யா இன்று வரவில்லை, இனியும் வரமாட்டாள். அவளுக்கு நான் எழுதியிருந்தது: "எறும்பைப் பார்த்தால் வழிவிட்டு நிற்கிறாள்." அந்தப் பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் செல்வநாயகி. பத்து நிமிடம் நின்றாள். நான் "அ" எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருட அனுபவத்தில் இவ்வளவு கோணலான "அ" எழுதியதில்லை.

ஜூன் 26, புதன்

முகூர்த்த நாள். பத்திர ஆபீசில் கூட்டம் தெருவரை நிற்கும், ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஆனாலும் செல்வநாயகி பன்னிரண்டுக்கு வந்துவிட்டாள். விரலெல்லாம் கறுப்பு மை. மேல்மூச்சு வாங்கியது. ரித்விக் அப்போது தண்ணீர்க் குடத்தை என் காலில் கவிழ்த்திருந்தான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இப்போ இதை எதால துடைக்கலாம்?" என்று கேட்டேன். ஐந்து பேர் தங்கள் கைக்குட்டையைக் கொண்டுவந்தார்கள். ரித்விக் என்னுடையதைக் கொண்டுவந்தான்.

ஜூன் 28, வெள்ளி

வந்தாள். பத்து நிமிடம். திங்கள் முதல் ஒரு நாளும் தவறவில்லை.

டயர் கடைக்காரரும் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நம்ம காலத்துல இப்படி இல்லாமப் போச்சே" என்று ஆயாவிடம் சொன்னாராம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஜூலை 1, திங்கள்

முதல்வர் கூப்பிட்டார். ஒன்றாம் வகுப்புக்கு ஈரோட்டிலிருந்து ஒரு டீச்சர் விண்ணப்பித்திருக்கிறாராம். எனக்கு அலுவலகத்தில் தேர்வுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை தரலாமாம். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து, "அந்த டீச்சரை இரண்டாம் வகுப்புக்கு எடுத்துக்கலாம்ங்களே மேடம்" என்றேன்.

கோகிலாவிடம் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. கேசரி கிண்டினாள்.

ஜூலை 3, புதன்

மிருதுளா இன்று பேசினாள். வருகைப் பதிவில் அவள் பெயர் வந்ததும் கை தூக்கிக்கொண்டே, மிக மெதுவாக, "உள்ளேன் ஐயா" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த பெயரைப் படித்தேன். எந்தப் பெயரைப் படித்தேன் என்று நினைவில்லை, ஒரே பையன் இரண்டு முறை பதில் சொன்னான்.

மாலை நாலரைக்குச் செல்வநாயகிக்கு அழைத்துச் சொன்னேன். நல்ல செய்தியையும் நானே முதலில் சொல்லலாம் அல்லவா. மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் யாரும் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். பத்து நிமிடம் கழித்தும் பார்த்தேன். பிள்ளைகளுக்கு எண் பத்துவரை சொல்லித்தந்துகொண்டிருந்தவன் ஏழை விட்டுவிட்டேன், அவர்கள்தான் திருத்தினார்கள். நேற்று நான் அழைத்ததில் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா, உடம்புக்கு ஏதாவதா, முதல்வரிடம் போய்விட்டாளா என்று மாலைவரை மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கேட்டில் நின்றிருந்தாள். மிருதுளா ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னைக்கு மத்தியானம் காணமேங்க. உடம்புக்கு ஏதாச்சும்...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்." பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "பன்னண்டு மணிக்குத்தான் கடையில கொஞ்சம் கூட்டம் குறையும். அப்பத்தான் நான் சோறு உங்கற நேரம். எட்டு நாளாச்சு, நேரத்துக்குச் சாப்பிட்டு." மிருதுளாவின் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு உக்காந்து சாப்பிட்டேனுங்க."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள்.